புருவத்தில் விழும் கோடு

ஒரு படத்தில் இருக்கும் முகத்தை எடுத்து இன்னொரு படத்தில் இருப்பவரின் முகத்தின் மேல் பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரல் எழுத உட்காரும் எவரும் முதலில் சந்திக்கும் கேள்வி, படத்தின் எந்தெந்தப் பிக்சல்கள் முகத்தைச் சேர்ந்தவை என்பதுதான். அதற்கான பதிலை ஒரு தனிப் படமாகவே எழுதி வைப்பது வழக்கம். மூலப் படத்தின் அதே அகலம், அதே உயரம். முகம் இருக்கும் இடமெல்லாம் வெள்ளை, மற்ற இடமெல்லாம் கறுப்பு. இதைத்தான் மாஸ்க் என்கிறோம். வெள்ளை இருக்கும் இடத்தில் புது முகம் ஒட்டப்படும், கறுப்பு இருக்கும் இடத்தில் பழைய படம் அப்படியே நிற்கும்.

மாஸ்க் செய்வதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. முகத்தில் கண், மூக்கு, வாய், தாடை ஆகியவற்றின் அடையாளப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, அந்தப் புள்ளிகள் எல்லாவற்றையும் இறுக்கமாகச் சுற்றி ஒரு எல்லை வரைந்து, உள்ளே வெள்ளை பூசிவிடுவது. மூன்று வரி நிரலில் முடிந்துவிடும். தாடைப் பக்கம் இது அழகாகவே வேலை செய்கிறது. ஆனால் மேலே, நெற்றியில், தவறாமல் சொதப்புகிறது. ஏன் அங்கே மட்டும் என்பதும், அதை எவ்வளவு தூரம் சரிசெய்யலாம் என்பதும்தான் இங்கே விஷயம்.

புள்ளிகளிலிருந்து தொடங்குவோம். டேவிஸ் கிங் எழுதிப் பராமரித்துவரும் dlib என்ற நிரல் தொகுப்போடு பயன்படுத்தப்படும் மாதிரி ஒன்று முகத்தில் 68 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது. வாஹித் கசெமியும் ஜோசஃபின் சல்லிவனும் 2014-இல் வெளியிட்ட முறை அதற்கு அடிப்படை. ஒரு சராசரி முகத்தின் புள்ளிகளைப் படத்தின் மேல் வைத்து, படிப்படியாகத் தள்ளித் தள்ளிச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது அந்த முறை. ஒரு முகத்துக்கு மில்லி விநாடி அளவில்தான் நேரம் பிடிக்கும். எந்த இடத்தில் எந்தப் புள்ளி என்ற வரிசையை அது லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வுக் குழு தொகுத்த, மனிதர்கள் கையால் குறித்த படங்களிலிருந்து கற்றுக்கொண்டது.

அந்த வரிசை இப்படிப் போகிறது. 0 முதல் 16 வரை தாடை: படத்தின் இடப்பக்கக் காதருகே தொடங்கி, கீழே இறங்கி, 8-ஆம் புள்ளியில் முகவாயைத் தொட்டு, வலப்பக்கக் காதருகே முடியும். 17 முதல் 26 வரை இரண்டு புருவங்கள், ஒன்றுக்கு ஐந்து புள்ளிகள். பிறகு மூக்கு ஒன்பது, கண்கள் பன்னிரண்டு, வாய் இருபது. பட்டியல் இத்துடன் முடிந்துவிடுகிறது. புருவத்துக்கு மேலே ஒரு புள்ளிகூட இல்லை.

இப்போது எல்லை. ஒரு பலகையில் 68 ஆணி அடித்து, எல்லாவற்றையும் உள்ளடக்கி ஒரு ரப்பர் பேண்டை மாட்டி விட்டால் அது எங்கே இழுத்துக்கொண்டு நிற்குமோ, அதுதான் குவி உறை. அதற்கு எங்கும் உள்நோக்கிய குழி கிடையாது; உள்ளே இருக்கும் எந்த இரண்டு இடங்களை நேர்கோட்டால் இணைத்தாலும் கோடு வெளியே போகாது. ஓபன்சிவியில் இதற்கான செயல்கூறு தயாராக இருக்கிறது:

```python
mask = np.zeros(img.shape[:2], np.uint8)
hull = cv2.convexHull(pts)
cv2.fillConvexPoly(mask, hull, 255)
```

இங்கே `pts` என்பது 68 புள்ளிகளும் முழு எண்களாக (`int32`) இருக்கும் அணி. நடு வரியை விட்டுவிட்டுப் புள்ளிகளை நேரடியாகப் பூசச் சொன்னால் வராது. புள்ளிகளின் எண் வரிசையில் 16-ஆம் புள்ளி ஒரு காதருகே இருக்கிறது, 17-ஆவது எதிர்ப்பக்கப் புருவத்தின் நுனியில் இருக்கிறது. வரிசைப்படி கோடு போட்டால் அது முகத்தின் குறுக்கே பாயும். வெளி ஓரத்தில் இருப்பவற்றை மட்டும் பொறுக்கிச் சுற்று வரிசையில் தருவதுதான் `convexHull` செய்யும் வேலை. மூக்கு, கண், வாய் ஆகியவற்றின் 41 புள்ளிகளும் நேர்முகப் படத்தில் உள்ளேயே விழுந்துவிடும். மாஸ்க்கின் வடிவத்தில் அவற்றுக்குப் பங்கே இல்லை. தாடையும் புருவமும் மட்டுமே எல்லையைத் தீர்மானிக்கின்றன.

எண்களோடு ஒரு முகத்தைப் பார்த்துவிடுவோம். 400 பிக்சல் அகலம், 500 உயரம் உள்ள படம். நேராகப் பார்க்கும் முகம். படங்களில் உயரம் மேலிருந்து கீழாக எண்ணப்படும் என்பதால், சிறிய எண் என்றால் உயரமான இடம். காதருகே உள்ள 0-ஆம் புள்ளி (100, 220), அதற்கு எதிரே 16-ஆவது (300, 220), முகவாய் (200, 400). இடப்பக்கப் புருவத்தின் ஐந்து புள்ளிகள்: (115, 185), (130, 172), (150, 168), (170, 171), (187, 178). வலப்பக்கம் இதன் கண்ணாடிப் பிம்பம்.

புருவம் ஒரு வளைவு; நடுவில் உயர்ந்து மூக்குப் பக்கம் தாழ்கிறது. அதன் உச்சி 19-ஆம் புள்ளி, உயரம் 168. எதிர்ப் புருவத்தின் உச்சி 24-ஆவது, அதுவும் 168. இடையில் இருக்கும் நான்கு புள்ளிகளும் இவற்றைவிடத் தாழ்வாக இருப்பதால் உறை அவற்றைத் தொடாது. ஒரு புருவ உச்சியிலிருந்து மறு உச்சிக்கு நேராக ஒரு கோடு போய்விடும். ஆக, நம் மாஸ்க்கின் மேல் விளிம்பு என்பது 168-இல் விழும் ஒரு தட்டையான படுக்கைக்கோடு.

நெற்றி எங்கே முடிகிறது? ஓவியர்களிடம் ஒரு பழைய அளவு உண்டு. முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவங்களின் நடு வரை ஒரு பங்கு, அங்கிருந்து மூக்கின் அடி வரை ஒரு பங்கு, அங்கிருந்து முகவாய் வரை ஒரு பங்கு. உண்மையான முகங்கள் இதைக் கறாராகப் பின்பற்றுவதில்லை, ஆனால் மதிப்பீட்டுக்குப் போதும். நம் முகத்தில் புருவ நடு 178, முகவாய் 400, இடைவெளி 222, ஒரு பங்கு 111. ஆக முடி தொடங்கும் கோடு ஏறக்குறைய 67-இல் இருக்கும். மாஸ்க் 168-இல் நின்றுவிட்டது. 101 பிக்சல் உயர நெற்றி வெளியே கிடக்கிறது.

இவ்வளவு பெரிய பரப்புக்கு ஏன் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை? கவனக்குறைவு காரணமில்லை. ஒரு புள்ளி அடையாளப் புள்ளியாக வேண்டுமென்றால், அதை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்தாலும் ஒரே இடத்தில் குறிக்க வேண்டும். கண்ணின் ஓரம் அப்படிப்பட்ட இடம். உதட்டின் ஓரமும் அப்படித்தான். நெற்றியின் நடுவில் இதற்குச் சமமாக ஒன்றைக் காட்ட முடியுமா? சமமான தோல், பிடித்துக்கொள்ள எந்த மூலையும் இல்லை. முடி தொடங்கும் கோட்டை வைத்துக்கொள்ளலாம் என்றால், அது ஆளுக்கு ஆள் மாறுகிறது, வயதோடு ஏறுகிறது, முன்முடி விழுந்தால் மறைகிறது, தொப்பியோ முக்காடோ இருந்தால் காணவே காணாது. தாடைப் புள்ளிகளிலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் இருக்கிறது. முகவாயைத் தவிர மற்றவை விளிம்பின் மேல் முன்பின்னாக வழுக்கக் கூடியவை. ஆனால் தாடைக்கு ஒரு விளிம்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. நெற்றிக்கு அதுவும் உறுதியில்லை. மனிதர்கள் குறிக்காத புள்ளியை மாதிரி கற்றுக்கொள்ள வழியில்லை.

முகமாற்ற வேலையில் நெற்றி விடுபடுவதே பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. ஒருவரை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் கண்ணும் மூக்கும் வாயும்தான்; நெற்றி பழைய ஆளுடையதாகவே இருந்தாலும் பலருக்கு உறுத்தாது. உண்மையான தொல்லை, விளிம்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதில் இருக்கிறது. மாஸ்க்கின் விளிம்பில்தான் இரண்டு படங்களும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பு வழுவழுப்பான தோலில் நிகழ்ந்தால் கண் அதைக் கவனிக்காது. நம் உறையோ அதைக் கொண்டுபோய்ப் புருவ முடியின் மேலேயே வைக்கிறது. முகத்தில் மிகக் கருமையான, மிக அதிகம் அசைகிற இடங்களில் ஒன்று அது.

ஒட்டுத் தெரியாமல் இருக்க மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்குவது வழக்கம். 21 பிக்சல் அகலமுள்ள காஸியன் மங்கலாக்கலைக் கொடுத்தால் விளிம்புக்கு இருபுறமும் சுமார் 10 பிக்சல் வரை வெள்ளை மெல்லக் கறுப்பாகும். சரியாக விளிம்பில் இரண்டு படங்களும் பாதிக்குப் பாதி கலக்கும். நம் முகம் 200 பிக்சல் அகலம். புருவத்தின் தடிமன் சுமார் 12 பிக்சல் இருக்கும். ஆக, உச்சியருகே புருவம் ஏறக்குறைய முழுவதுமே கலக்கும் பட்டைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஒட்டப்படும் முகத்தின் புருவமும் அடியில் இருப்பவரின் புருவமும் வடிவில் ஒத்துப்போவது அபூர்வம். இரண்டும் நாலைந்து பிக்சல் விலகி நின்றால், ஒவ்வொன்றும் அரைகுறையாகத் தெரிந்து, ஒரு கண்ணுக்கு மேல் இரண்டு புருவம் போலத் தோன்றும். முகமாற்றம் செய்து பார்த்த அநேகமாக எல்லாரும் இந்த இரட்டைப் புருவத்தைச் சந்தித்திருப்பார்கள்.

மங்கலாக்குவதற்குப் பதில் `seamlessClone` பயன்படுத்தினால் தப்பிக்கலாம் என்று தோன்றும். பேட்ரிக் பேரெஸும் அவருடைய கூட்டாளிகளும் 2003-இல் வெளியிட்ட பாய்சான் கலப்பு முறை அது. ஒட்டப்படும் படத்தின் ஏற்ற இறக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அடிப்படை நிறத்தை விளிம்பில் இருக்கும் பழைய படத்திலிருந்து எடுத்து உள்ளே பரப்புகிறது. விளிம்பு முழுக்கத் தோலாக இருந்தால் பலன் அற்புதமாக இருக்கும். விளிம்பு புருவ முடியின் மேல் ஓடினால் அந்தக் கருமையே உள்ளே பரவி, கண்ணிமைக்கு மேல் அழுக்குப் படிந்ததுபோல ஒரு கறை இறங்கும். கருவி எவ்வளவு நல்லதானாலும், விளிம்பு தவறான இடத்தில் இருந்தால் அந்தத் தவறைத்தான் அது அழகாகப் பரப்பும்.

நம் ஊர்ப் படங்களில் இன்னொன்றும் சேர்கிறது. புருவங்களுக்கு நடுவே 170-ஐ மையமாக வைத்துப் பத்துப் பிக்சல் அளவுக்கு ஒரு பொட்டு இருக்கிறது என்று கொள்ளுங்கள். அது 165-இலிருந்து 175 வரை நீளும். மாஸ்க்கின் விளிம்பு 168. பொட்டு வைக்காத ஒருவரின் முகத்தை அதன் மேல் ஒட்டினால், கீழ்ப்பகுதி அழிந்து மேலே ஒரு துண்டு மங்கலாக மிஞ்சும். பொட்டு வைக்கும் இடமும் உறையின் மேல் விளிம்பும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிட்டதால் வரும் கோளாறு இது. மேற்கத்திய முகங்களை மட்டும் வைத்துச் சோதித்தவர் கண்ணில் இது பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடிவுப் படத்தை மட்டும் உற்றுப் பார்ப்பது போதாது. உறையின் எல்லைக்கோட்டை மூலப் படத்தின் மேலேயே ஒரு பிக்சல் கனத்தில் பச்சையில் வரைந்து பாருங்கள். கோடு தோல் மேல் போகிறதா, முடி மேல் போகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். அடுத்து, வாய் திறந்த படம் ஒன்று, புருவத்தைத் தூக்கிய படம் ஒன்று, தலை சாய்ந்த படம் ஒன்று என எடுத்து அதே கோட்டை வரைய வேண்டும். காணொளியானால் ஓடவிட்டுப் பார்ப்பதே நல்லது. ஒற்றைப் படத்தில் ஒளிந்துகொள்ளும் விளிம்பு, அசையும்போது காட்டிக் கொடுத்துவிடும்.

இனி பரிகாரம். முகமாற்ற நிரல்களில் பரவலாகக் காணப்படும் ஒரு வழி, புருவப் புள்ளிகளை மேலே தள்ளிவிட்டுப் பிறகு உறை போடுவது. எவ்வளவு தள்ளுவது? ஒவ்வொரு புருவப் புள்ளிக்கும் நேர் கீழே கண்ணின் மேல் விளிம்பில் ஒரு புள்ளியை இணையாக எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதியைப் புருவத்துக்கு மேலே கூட்டுகிறார்கள். 19-ஆம் புள்ளியை எடுத்துக்கொள்வோம். அது (150, 168)-இல் இருக்கிறது. கீழே கண்ணின் 37-ஆம் புள்ளி (145, 204). உயர வித்தியாசம் 36, பாதி 18. புதிய உயரம் 150.

இதனால் என்ன கிடைத்தது? புருவம் முழுதாக உள்ளே வந்துவிட்டது. பொட்டும் உள்ளே வந்துவிட்டது. விளிம்பு இப்போது தோலில் நிற்கிறது. விடுபட்ட 101 பிக்சலில் 18-ஐத்தான் மீட்டிருக்கிறோம். ஆனால் முன்பே சொன்னதுபோல, முகமாற்றத்துக்கு நெற்றி முழுவதும் தேவையில்லை. அசையாத, நேர்முகமான ஒரு படத்துக்கு இந்த வழி போதும்.

முகம் பேச ஆரம்பித்தால்தான் இதன் குறை தெரியும். தள்ளும் அளவு எங்கிருந்து வருகிறது? புருவத்துக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்திலிருந்து. அந்தத் தூரம் முகத்தின் நிலையான அளவு இல்லை. வியப்புக்கும் கோபத்துக்கும் ஏற்பக் கூடிக் குறைவது. ஒருவர் வியந்து புருவத்தைப் பத்துப் பிக்சல் தூக்கினால், 19-ஆம் புள்ளி 158-க்குப் போகிறது. கண்ணோடு இடைவெளி 46 ஆகிறது, பாதி 23; புதிய விளிம்பு 135. முன்பு 150-இல் இருந்த விளிம்பு 15 பிக்சல் ஏறிவிட்டது. புருவம் பத்து ஏறினால் விளிம்பு பதினைந்து ஏறுகிறது. முகம் சுளித்தால் அதே விகிதத்தில் இறங்குகிறது. இரண்டு முகங்களின் தோல் நிறத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் போதும், நெற்றியில் ஒரு நிழல் மேலும் கீழும் போய்வருவது போலக் காணொளியில் தெரியும். புள்ளிகளைக் கண்டுபிடிப்பதில் சட்டத்துக்குச் சட்டம் வரும் சிறு நடுக்கமும் இதே கணக்கில் பெருகிக் காட்டும்.

அதனால் நெற்றிக்கான அளவை உணர்ச்சிக்கு அசையாத ஓரிடத்திலிருந்து எடுப்பதையே நான் விரும்புகிறேன். முகவாயிலிருந்து அளந்தால் நீளம் பெரிது, பிழை சிறிது என்று முதலில் தோன்றும். ஆனால் வாயைத் திறந்ததும் முகவாய் இறங்கிவிடுகிறது, நெற்றி தானாக வளர்ந்துவிடும். மூக்கு அப்படி ஆடாது. மூக்குத் தண்டின் மேல்முனை 27-ஆம் புள்ளி, மூக்கின் அடி 33-ஆவது. இரண்டையும் இணைக்கும் கோடு நீளத்தையும் தருகிறது, முகத்தின் மேல்நோக்கிய திசையையும் தருகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தக் கோடும் கூடவே சாயும். தனியாகக் கோணம் கணக்கிட வேண்டியதில்லை.

```python
v = pts[27] - pts[33]
a = (pts[0] + pts[36]) / 2
b = (pts[16] + pts[45]) / 2
top = np.array([pts[27] + v, a + 0.9*v, b + 0.9*v])
pts2 = np.vstack([pts, top]).astype(np.int32)
```

நம் முகத்தில் 27-ஆம் புள்ளி (200, 208), 33-ஆவது (200, 289). ஆக `v` என்பது 81 பிக்சல் மேல்நோக்கி. நடுவில் புதிய புள்ளி 127 உயரத்தில் வருகிறது. பக்கங்களில், காதருகுப் புள்ளிக்கும் கண்ணின் வெளி ஓரத்துக்கும் நடுவிலிருந்து மேலே ஏறினால் ஏறக்குறைய (116, 143)-இல் ஒன்று, எதிர்ப்பக்கம் அதேபோல் ஒன்று. மூன்றையும் பழைய 68-உடன் சேர்த்து உறை போட்டால், புருவ உச்சிக்கு நேர் மேலே விளிம்பு சுமார் 136-இல் ஓடும். புருவத்துக்கும் விளிம்புக்கும் 32 பிக்சல் இடைவெளி. வியந்து பத்துப் பிக்சல் தூக்கினாலும் 22 மிச்சம். பத்துப் பிக்சல் மங்கலாக்கும் பட்டை புருவ உச்சியைத் தொடாது. விளிம்பு அசையவும் இல்லை. முடி தொடங்கும் 67-க்கு இன்னும் 60 பிக்சல் இருக்கிறது, ஆகவே தலைமுடியில் ஏறிவிடும் பயமும் குறைவு.

பக்கப் புள்ளிகளைக் கண்ணின் வெளி ஓரத்திலிருந்தே நேராக மேலே எழுப்பினால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் புருவத்தின் வால் நுனி விளிம்பிலிருந்து ஒரே ஒரு பிக்சல்தான் உள்ளே இருக்கும். நடுவில் துரத்திய இரட்டைப் புருவம் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால்தான் சற்று வெளியே தள்ளி எடுத்தேன். 0.9 என்பதும் 1 என்பதும் இயற்கை விதிகள் இல்லை. இந்த முகத்துக்குப் பொருந்துகின்றன, பெரும்பாலான முகங்களுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். பச்சைக் கோட்டை வரைந்து பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியவை.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. தலையைக் குனிந்தால் பின்னோக்கிச் சரிந்திருக்கும் நெற்றி கேமராவுக்கு நேராகத் திரும்பி நீளமாகத் தெரியும். மூக்கின் நீளம் அதே விகிதத்தில் கூடாது. நிமிர்ந்தால் நெற்றி சுருங்கும், நம் கணக்கு அதைவிட மேலே போய் முடியைத் தொடக்கூடும். முகம் பக்கவாட்டில் நன்றாகத் திரும்பினால் உறையின் அடிப்படைக் குணமே எதிரியாகிறது. புருவத்துக்கும் கன்ன எலும்புக்கும் இடையே முகத்தின் விளிம்பு உள்வாங்கியிருக்கும். உறைக்குக் குழி தெரியாது, அந்த இடைவெளியில் தெரியும் பின்னணியையும் முகம் என்று சேர்த்துக்கொள்ளும். நெற்றியில் விழும் முன்முடி, தொப்பியின் விளிம்பு, முக்காட்டின் ஓரம் இவை எதுவும் புள்ளிகளுக்குத் தெரியாது. 68 புள்ளிகளோடு நெற்றிக்கு 13 சேர்த்த 81 புள்ளி மாதிரி ஒன்று இருக்கிறது; கூகுளின் மீடியாபைப் 468 புள்ளிகள் கொண்ட வலையையே தருகிறது, அது நெற்றியின் மேற்பகுதி வரை போகிறது. ஆனால் அவற்றிலும் நெற்றிப் புள்ளி என்பது பெரும்பாலும் பொது முக வடிவம் ஒன்றிலிருந்து ஊகித்த இடம். அங்கே தோல் இருக்கிறதா, முடி இருக்கிறதா என்று புள்ளி சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது பிக்சல் பிக்சலாக வகைப்படுத்தும் முறை. 30,000 முகப் படங்களில் தோல், முடி, புருவம், தொப்பி என்று 19 வகைகளைக் கையால் குறித்த செலெப்ஏமாஸ்க் எச்க்யூ போன்ற தொகுப்புகளில் பயிற்றப்பட்ட மாதிரிகள், முன்முடிக்கு நடுவில் தெரியும் நெற்றியைக்கூடப் பிரித்துத் தரும். அதற்கு விலை கூடுதல் கணக்கீடு. மேலும் அதன் எல்லை காணொளியில் சட்டத்துக்குச் சட்டம் துடிக்கக்கூடியது. இரண்டையும் சேர்ப்பது நடைமுறைக்கு ஏற்றது: நீட்டிய உறையை வெளி வேலியாக வைத்து, அதற்குள் தோல் என்று வகைப்படுத்தப்பட்ட பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கண், புருவம், வாய் இருக்கும் பகுதியை மட்டும் வகைப்படுத்தலிடம் விடாமல், பழைய 68 புள்ளி உறையை வைத்தே கட்டாயமாகச் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் முகத்தின் நடுவில் ஓட்டைகள் விழும்.

எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்பது வேலையைப் பொறுத்தது. முகமாற்றத்தில் விளிம்பு சற்றுத் தாழ்ந்தாலும் சமாளிக்கலாம், முடியில் ஏறினால்தான் அசிங்கம். ஆளை மறைப்பதற்காக முகத்தை மங்கலாக்குபவருக்கு நிலைமை தலைகீழ். 68 புள்ளி உறையை மட்டும் நம்பினால் நெற்றித் தழும்பும் திருநீற்றுப் பட்டையும் முடியின் வடிவமும் அப்படியே தெரிந்துகொண்டிருக்கும். தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்ள அது போதும். அங்கே தாராளமாக மேலே போய் முடியையும் சேர்த்து மறைப்பதே சரி. `v`-இன் பெருக்கு எண்ணை 2 என்றுகூட வைக்கலாம், நம் முகத்தில் அது 46 உயரத்துக்குப் போய் முடி தொடங்கும் கோட்டைத் தாண்டிவிடும்.

கேமரா வழியாக நாடித்துடிப்பை அளப்பவருக்கு இன்னொரு வகைத் தேவை. தோலுக்கடியில் ரத்தம் பாயும்போது நிறம் மிக நுண்ணிய அளவில் மாறுகிறது. சாதாரண வெளிச்சத்திலேயே அதை வீடியோ கேமராவால், முக்கியமாகப் பச்சை நிறத் தடத்தில், பிடிக்க முடியும் என்று வெர்க்ரூய்சேயும் அவருடைய கூட்டாளிகளும் 2008-இல் காட்டினார்கள். அந்த அளவீட்டுக்கு நெற்றி நல்ல இடம். பரந்த வெறும் தோல், பேச்சுக்கும் சிரிப்புக்கும் கன்னத்தைவிடக் குறைவாக அசைவது. 68 புள்ளி உறை அதை வெளியே தள்ளிவிட்டு, இமைக்கும் கண்களையும் அசையும் உதடுகளையும் உள்ளே வைத்துக்கொண்டு சராசரி எடுக்கும். இங்கே உறையை நீட்டுவதைவிட அதைக் கைவிடுவதே மேல். புருவ உச்சிக்கு 15 பிக்சல் மேலே தொடங்கி, 27-ஆம் புள்ளியோடு `v`-ஐக் கூட்டினால் கிடைக்கும் உயரம் வரை, இரு கண்களின் உள் ஓரங்களுக்கு இடையே ஒரு சிறு செவ்வகம் எடுத்தால், நம் முகத்தில் 153-இலிருந்து 127 வரை 26 பிக்சல் உயரத்துக்குச் சுத்தமான தோல் கிடைக்கிறது. பொட்டு பெரிதாக இருந்தால் செவ்வகத்தின் அடிக்கோட்டை இன்னும் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும்.